தடிப்பே இல்லாத அரிப்பு: குன்னூர்ப் பனிக்காலத்தில் அம்மாவின் தோலும் வெந்நீர்க் குளியலும்

தேயிலைச் சரிவு · ஜனவரி 5, இரவு 9.40

என் அம்மாவுக்கு வயது 79. வாழ்நாள் முழுவதும் நாகப்பட்டினத்தில் இருந்தவர், அப்பா மறைந்த பிறகு குன்னூரில் என்னுடன் இருக்கிறார். மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியது முதல் இரண்டு கால்களையும் முன்கைகளையும் இரவெல்லாம் சொறிந்துகொண்டே இருக்கிறார். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தடிப்போ கொப்புளமோ சிவப்போ எதுவும் இல்லை. முழங்காலுக்குக் கீழே முன்பகுதியில் மாவு பூசியதுபோல் ஒரு வெளுப்பும், அதன்மேல் அவருடைய நகங்கள் இழுத்த கோடுகளுமே தெரிகின்றன.

அவர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வியை அப்படியே இங்கே வைக்கிறேன். அதே சோப்பு, அதே வெந்நீர், காலையும் மாலையும் அதே இரண்டு குளியல். இத்தனை ஆண்டுகளாக ஒன்றும் செய்யாதவை இப்போது மட்டும் எப்படிக் கெடுதல் செய்யும்?

செக்கடி · ஜனவரி 5, இரவு 10.15

எண்ணெய் நின்றுபோனதால் வந்த தொல்லை இது. எங்கள் வீட்டில் வாரம் இருமுறை நல்லெண்ணெய் தேய்த்து முழுகுவோம். என் பாட்டனார் 90 வயதிலும் தோல் மினுங்க இருந்தார். அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நல்ல சூடான நீரில் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டுங்கள். உடம்பின் உள்ளேயும் நீர் வற்றியிருக்கும். குளிர் என்று வயதானவர்கள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிடுகிறார்கள். நாளொன்றுக்கு 3 லிட்டர் குடிக்கச் சொல்லுங்கள்.

முன்னாள் செவிலி · ஜனவரி 6, காலை 6.50

மருத்துவமனையில் முதியோர் பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரிப்பு எந்த நேரத்தில் மிகுதியாக இருக்கிறது, குளித்த உடனேயா, போர்வைக்குள் படுத்த பிறகா? உடம்பில் எந்த இடங்கள்? வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா? அம்மா என்னென்ன மாத்திரைகள் எடுக்கிறார், அவற்றில் புதிதாகச் சேர்ந்தது எது? உடல் எடை குறைந்திருக்கிறதா, கண் மஞ்சளாக இருக்கிறதா, இரவில் வியர்த்து உடை நனைகிறதா?

தண்ணீரைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். தாகத்துக்குக் குடிக்க வேண்டியதைக் குடித்தால் போதும். குடிக்கும் நீர் தோலின் மேல்பரப்பு வறட்சியைப் பெரிதாக மாற்றுவதில்லை. இதயம் தளர்ந்தவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் 3 லிட்டர் என்பது ஆபத்தான அளவாகிவிடும். முகம் தெரியாத ஒருவருக்கு அந்த அளவைச் சொல்லக் கூடாது.

தேயிலைச் சரிவு · ஜனவரி 6, பிற்பகல் 2.10

கேட்டவற்றுக்கு விடை. அரிப்பு மாலைக் குளியல் முடிந்து அரை மணி நேரத்துக்குள் தொடங்குகிறது. கம்பளிக்குள் படுத்ததும் கூடுகிறது. முழங்காலுக்குக் கீழே முன்பகுதிதான் மிக மோசம். அடுத்தது முன்கைகளின் வெளிப்பக்கம், இடுப்பின் இரு பக்கங்கள், முதுகு. அக்குளிலும் தொடை இடுக்கிலும் முகத்திலும் இல்லை. எனக்கோ என் மகனுக்கோ அரிப்பு இல்லை. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரை பல ஆண்டுகளாக எடுக்கிறார், வேறு மருந்து கிடையாது. எடை குறையவில்லை, கண் வெளிறவோ மஞ்சளாகவோ இல்லை, இரவு வியர்வை இல்லை.

குளியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீசரை உச்சச் சூட்டில் வைத்து, ஆவி பறக்கும் நீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் குளிப்பார். உடம்பு முழுவதும் சோப்பு போட்டு, பீர்க்கங்கூட்டால் அழுத்தித் தேய்ப்பார். அரிப்பு வந்த பிறகு, சூடான நீர் பட்டால் இதமாக இருக்கிறது என்று சூட்டை இன்னும் கூட்டியிருக்கிறார்.

ஓசூர் வாசகர் · ஜனவரி 6, மாலை 4.30

எங்கள் வீட்டிலும் சென்ற குளிர்காலத்தில் இதே இரவு அரிப்புதான். முதலில் மாமியாருக்கு வந்தது. வறட்சி என்று எண்ணி எண்ணெய் பூசிக்கொண்டே இருந்தோம். ஒரு மாதத்தில் என் மனைவிக்கும் குழந்தைக்கும் வந்துவிட்டது. தோல் மருத்துவர் பார்த்துச் சொறிசிரங்கு என்றார். பெர்மெத்ரின் கிரீமைக் குடும்பத்தில் அனைவரும் ஒரே இரவில் கழுத்து முதல் கால்வரை பூசி, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூசிய பிறகே தீர்ந்தது. நீங்களும் உடனே அதை வாங்கிப் பூசுங்கள்.

முன்னாள் செவிலி · ஜனவரி 6, இரவு 8.05

ஓசூர் நண்பர் சொல்வது உண்மையான எச்சரிக்கை. முதியவர்களுக்குச் சொறிசிரங்கு வரும்போது தோலில் பெரிதாக ஒன்றும் தெரியாமலே அரிப்பு மட்டும் இருக்கலாம். ஆனால் அவர் வீட்டுக் கதையும் இந்த அம்மாவின் கதையும் வேறு. விரலிடுக்கு, மணிக்கட்டின் உட்பக்கம், தொப்புளைச் சுற்றி, மார்பின் கீழ்மடிப்பு ஆகிய இடங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே சிறு பொரிகளோ மெல்லிய கோடுகளோ இல்லாமல், வீட்டில் மற்றவருக்கும் அரிப்பு இல்லாமல், குளியலுக்குப் பின்னால் முன்கால்களில் அரிப்பு தொடங்குகிறது என்றால் முதலில் எண்ண வேண்டியது வறட்சியைத்தான். வறண்ட தோலில் பெர்மெத்ரினைக் காரணமின்றிப் பூசினால் எரிச்சல் கூடும்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். சோப்பு மாறவில்லை என்பது சரி. தோலும் காற்றும் மாறியிருக்கின்றன. வயது ஏற ஏறத் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் தளர்கின்றன. மேல்தோலின் செதில்களுக்கு இடையே நீர் வெளியேறாமல் காக்கும் கொழுப்பும் குறைகிறது. முன்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் எப்போதுமே குறைவு. ஆகவேதான் வறட்சி அங்கே முதலில் தெரிகிறது. இருக்கும் கொஞ்சக் கொழுப்பையும் சூடான நீரும் சோப்பும் கழுவிவிடுகின்றன. 40 வயதில் கழுவியதைத் தோல் சீக்கிரமே ஈடுகட்டியது. 79 வயதில் மாலைக் குளியலுக்குள் அதனால் ஈடுகட்ட முடிவதில்லை.

இயற்பியல் மேசை · ஜனவரி 6, இரவு 9.20

காற்றைப் பற்றி ஒரு சிறு கணக்கு. குளிர்ந்த காற்று குறைந்த அளவு ஆவியையே தாங்கும். 10 பாகை செல்சியசில் ஈரம் முழுவதுமாக நிறைந்த காற்றை அறைக்குள் விட்டு 25 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீரும் குறையாமலே அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 40 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஹீட்டர் காற்றிலிருந்து நீரை எடுத்துவிடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் காற்றின் தாகத்தைத்தான் அது கூட்டுகிறது. நாகையின் கடற்காற்றில் அம்மாவின் தோல் இழந்ததைவிட இங்கே மூடிய அறையில் கூடுதலாக இழக்கக் கூடும். எவ்வளவு கூடுதல் என்பது அறையைப் பொறுத்தது. ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

தேயிலைச் சரிவு · ஜனவரி 7, காலை 7.30

விரலிடுக்குகளையும் மணிக்கட்டையும் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன், ஒன்றும் இல்லை. முன்காலை உற்றுப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. வெளுப்புக்கு அடியில் மெல்லிய வெடிப்புக் கோடுகள், கோடையில் வற்றிய குளத்துச் சேறு பிளந்திருப்பதுபோல், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இடது காலில் இரண்டு இடங்களில் கோட்டின் ஓரம் இளஞ்சிவப்பாக இருக்கிறது. இதைத் தடிப்பு என்று கொள்வதா, வறட்சி என்றே கொள்வதா?

முன்னாள் செவிலி · ஜனவரி 7, பகல் 12.40

வறட்சி முற்றிப் படையாக மாறத் தொடங்கும் நிலை அது. சிவந்த இடத்தில் நீர் கசிந்தாலோ, கால் சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வெடிப்பின் வழியே கிருமி புகுந்து கால் முழுவதும் பரவக் கூடும். அவை இல்லாதவரை, குளியலை மாற்றிப் பார்க்கக் காலம் இருக்கிறது.

எங்கள் பிரிவில் செய்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு குளியல் போதும். நீர் வெதுவெதுப்பாக மட்டும் இருக்க வேண்டும். உங்கள் முழங்கையை நனைத்தால் சூடாகவும் தோன்றக் கூடாது, குளிராகவும் தோன்றக் கூடாது. 5 முதல் 10 நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டும். சோப்பை அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போடுங்கள். கைகால்களுக்கும் முதுகுக்கும் நீர் மட்டுமே போதும். பீர்க்கங்கூட்டை எடுத்து ஒளித்துவிடுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடங்களுக்குள், குளியலறை வாசலிலேயே கிரீமைப் பூசிவிட வேண்டும். அறைக்குப் போய் உடை மாற்றி, தலை துவட்டி, காப்பி குடித்த பிறகு பூசினால், பிடித்துவைக்க வேண்டிய ஈரம் அதற்குள் போய்விட்டிருக்கும்.

தேயிலைச் சரிவு · ஜனவரி 9, இரவு 10.05

இதைப் படிக்கிறவர்கள் எளிது என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு நாள் நடந்ததை எழுதுகிறேன். மாலையில் குளிக்காமல் சாமி விளக்கு ஏற்ற மாட்டேன் என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். அவருடைய வாழ்வின் ஒழுங்கு அது. தோலுக்காக அதை முறிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் மாலையில் முகம், கை, கால் கழுவி, அக்குளையும் கழுத்தையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு விளக்கேற்றுவது என்று அவரே ஒரு வழி சொன்னார். கால் கழுவியதும் அங்கேயே கிரீம் பூசுகிறோம்.

சோப்பு போடாமல் குளித்தால் அழுக்குப் போகாது என்ற அச்சம் இன்னும் இருக்கிறது. வயலில் இறங்கி வேலை செய்த நாளில் கைகால்களுக்குச் சோப்பு வேண்டும். வீட்டுக்குள் இருப்பவரின் முன்காலில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டிய அழுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். அதை ஏற்றுக்கொண்டார். வெந்நீர்ச் சூட்டைக் குறைப்பதைத்தான் இன்னும் ஏற்கவில்லை. சூடான நீர் பட்டால் அந்த நேரத்துக்கு அரிப்பு அடங்குவது உண்மை. பிறகு இருமடங்காகத் திரும்புகிறது என்பதை அவர் தாமாக உணர்ந்தால்தான் மாறுவார்.

மருந்துக்கடை ஈரோடு · ஜனவரி 10, காலை 11.15

கடையில் நின்று பார்க்கிறவன் என்ற முறையில் இரண்டு செய்திகள். முதலாவது, சோப்பு. நாம் வாங்கும் வழக்கமான சோப்பு எதுவானாலும் காரத்தன்மை உடையது; அதன் அமிலக்கார எண் 9-க்கும் 10-க்கும் இடையில் இருக்கும். தோலின் எண் ஏறக்குறைய 5. அக்குளுக்கும் பாதத்துக்குமே என்றாலும், கடையில் சிண்டெட் பார் என்று கேட்டு வாங்குங்கள். அது நுரைக்கும், ஆனால் காரம் மிகாது. கிருமிநாசினி சோப்பும், குளிக்கும் நீரில் ஊற்றும் கிருமிநாசினித் திரவமும் வேண்டவே வேண்டாம். அரிப்பு என்றதும் முதியவர்களுக்குப் பிள்ளைகள் முதலில் வாங்கிப்போவது அவற்றைத்தான்.

இரண்டாவது, அரிப்பு என்று சொன்னால் சில கடைகளில் எடுத்துக் கொடுக்கும் மூன்று மருந்துக் கலவைக் களிம்பு. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமிக்கொல்லி மூன்றும் அதில் இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும். ஆகவே நல்ல மருந்து என்று மாதக்கணக்கில் பூசுவார்கள். ஏற்கெனவே காகிதம்போல் மெலிந்த முதியவர் தோல் இன்னும் மெலிந்து, இலேசாக இடித்தாலும் கிழியும் நிலைக்கு வந்துவிடும். காலமைன் லோஷனையும் தவிர்த்துவிடுங்கள். பூசியதும் குளிர்ச்சியாக இருக்கும், காய்ந்த பிறகு வறட்சியைக் கூட்டும்.

செக்கடி · ஜனவரி 10, பிற்பகல் 1.50

கிரீம் கிரீம் என்கிறீர்கள், எண்ணெயைப் பற்றி யாரும் விடை சொல்லவில்லை. கிரீம் என்பதும் எண்ணெயும் நீரும் கலந்ததுதானே? செக்கில் ஆட்டிய எண்ணெயைவிட அது எந்த வகையில் உயர்ந்தது?

முன்னாள் செவிலி · ஜனவரி 10, இரவு 8.30

நியாயமான கேள்வி, செக்கடி ஐயா. எண்ணெய் கூடாது என்று நான் சொல்லவில்லை. குளியலுக்கு முன் தேய்த்த எண்ணெயைச் சூடான நீரும் சீயக்காயும் எடுத்துவிடுகின்றன. அதோடு தோலின் சொந்தக் கொழுப்பும் கொஞ்சம் போகிறது. அதே எண்ணெயைக் குளித்த பின் ஈரத்தோலில் பூசிவிட்டால் வேலை செய்யும். தேங்காய் எண்ணெயை வறண்ட தோலுக்கு நாளுக்கு இருமுறை பூசிப் பிலிப்பைன்சில் 2004-இல் ஆய்வு செய்திருக்கிறார்கள். திரவ பாரஃபினுக்கு நிகராக அது பயன் தந்தது. எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. ஆலிவ் எண்ணெய் வாசனைக்கும் விலைக்கும் பெயர் பெற்றது. ஆனால் பெரியவர்கள் தோலில் பூசிப் பார்த்தபோது தோலின் காப்பை அது தளர்த்தியது, சூரியகாந்தி எண்ணெய் தளர்த்தவில்லை. கடுகெண்ணெயும் எரிச்சல் தரக் கூடியது. நல்லெண்ணெயை இப்படி ஒப்பிட்டுப் பார்த்த நல்ல ஆய்வு எதையும் நான் படித்ததில்லை. ஆகவே நீங்கள் சொல்வதை மறுக்கவும் மாட்டேன், ஏற்கவும் மாட்டேன்.

கிரீமுக்கு உள்ள கூடுதல் பலன், அதில் கிளிசரினோ குறைந்த அளவு யூரியாவோ இருந்தால் அது நீரை இழுத்துத் தோலில் நிறுத்துகிறது. எண்ணெய் மூடி மட்டும் போடுகிறது. மூடியின் கீழே நீர் இருக்க வேண்டும். அதனால்தான் உலர்ந்த காலில் எண்ணெய் தேய்ப்பவர்கள் மினுமினுப்பைக் காண்கிறார்கள், அரிப்பு தீரக் காணோம்.

தேயிலைச் சரிவு · ஜனவரி 12, இரவு 9.15

எவ்வளவு பூச வேண்டும் என்று யாரும் சொல்லாததால் மருந்துக்கடைக்காரரிடம் தனியாகக் கேட்டேன். அவர் சொன்ன விரல் கணக்கை இங்கே பகிர்கிறேன். எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் கண்ணைத் திறந்தது. குழாயிலிருந்து ஆள்காட்டி விரலின் கடைசிக் கணுவளவு பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குக் காணும். ஒரு காலுக்குப் பாதம் உட்பட 8 விரல் அளவு, ஒரு கைக்கு 4. ஆக இரண்டு கால்களுக்கும் இரண்டு கைகளுக்கும் 24 விரல் அளவு, அதாவது 12 கிராம். நாளுக்கு இருமுறை என்றால் 24 கிராம்.

நாங்கள் வாங்கிவைத்திருந்த 50 கிராம் குழாய் இரண்டு நாளுக்குத்தான் வர வேண்டும். அதை ஒரு மாதமாக வைத்திருந்தோம். இந்த அளவில் விலை உயர்ந்த சிறு குழாய்கள் கட்டுப்படியாகா. ஆகவே இரவில் கால்களுக்கு வாசலின் என்று எல்லோரும் சொல்லும் பெட்ரோலியம் ஜெல்லியையும், காலையில் கைகளுக்கும் உடம்புக்கும் வாசனை சேர்க்காத, பெரிய டப்பாவில் வரும் சாதாரண கிரீமையும் பயன்படுத்துகிறோம். பிசுபிசுப்பாக இருக்கிறது என்று அம்மா முகம் சுளிக்கிறார். பழைய பருத்திப் புடவையைக் கிழித்துக் காலில் தளர்வாகச் சுற்றிவிட்டால் போர்வையில் ஒட்டுவதில்லை. கம்பளி நேராகத் தோலில் படாமல் இருப்பதற்கும் அது உதவுகிறது.

மருந்துக்கடை ஈரோடு · ஜனவரி 13, காலை 10.30

விரல் கணக்கு களிம்பு மருந்துகளுக்காக ஏற்பட்டது. ஈரம் காக்கும் கிரீமை அதைவிடத் தாராளமாகவே பூசலாம், குறைக்க வேண்டாம். உடம்பு முழுவதும் வறண்டவருக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை செலவாவதுண்டு. டப்பாவில் கையை விட்டு எடுக்காதீர்கள். சுத்தமான கரண்டியால் எடுத்துக்கொள்ளுங்கள். பூசும்போது முடி வளரும் திசையில் மேலிருந்து கீழாக நீவிவிடுங்கள். தேய்த்தால் மயிர்க்கால்களில் சீழ்ப்பொரி வரலாம்.

தேயிலைச் சரிவு · ஜனவரி 16, காலை 8.00

பொங்கலன்று அம்மா எண்ணெய்க் குளியல் கேட்டார். பண்டிகை நாளில் மறுக்க முடியாது. சீயக்காய் தலைக்கு மட்டும், உடம்பிலிருந்த எண்ணெயைப் பயத்தமாவால் இலேசாக ஒற்றி எடுப்பது, நீர் வெதுவெதுப்பாக இருப்பது என்று பேசி வைத்தோம். ஆனால் வழக்கம் விடவில்லை. நான் அடுப்படியில் பொங்கலைக் கவனித்துக்கொண்டிருந்த நேரத்தில் கீசரை மீண்டும் உச்சத்தில் வைத்து, சீயக்காயை உடம்பு முழுவதும் தேய்த்துக்கொண்டுவிட்டார். அன்று இரவு, சில நாள்களாக அடங்கியிருந்த அரிப்பு முழு வேகத்தோடு திரும்பியது. எங்கள் வீட்டில் யாரும் திட்டமிடாமல் நடந்த சோதனை அது. மறுநாள் காலையில் வாளி நீரில் முழங்கையை நனைத்துப் பார்க்கும்படி அம்மாவே என்னை அழைத்தார்.

செக்கடி · ஜனவரி 16, பகல் 12.20

சீயக்காய் காரமாக அமைந்திருக்கும். தரமான சீயக்காயாக இருந்தால் இப்படி நேர்ந்திருக்காது. ஆனாலும் குளித்த பிறகு ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் பூசும் முறையை என் அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறேன். அவருக்கும் கால் வெடித்துக் கிடக்கிறது. பார்க்கலாம்.

ஓசூர் வாசகர் · ஜனவரி 18, இரவு 7.45

இரவில் தூங்க முடியவில்லை என்றால் அரிப்பு மாத்திரை ஒன்று கொடுக்கலாமே? என் மாமியாருக்கு ஹைட்ராக்சிசின் கொடுத்தோம், நன்றாக உறங்கினார்.

முன்னாள் செவிலி · ஜனவரி 18, இரவு 9.00

உறங்கியது மாத்திரை தரும் மயக்கத்தினால். அரிப்பு தீர்ந்ததால் அல்ல. வறட்சியால் வரும் அரிப்பில், ஒவ்வாமையின்போது உடல் வெளிவிடும் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கு இல்லை. ஆகவே அதை அடக்கும் மாத்திரை இங்கே அடிக்காரணத்தைத் தொடுவதே இல்லை. ஹைட்ராக்சிசின், குளோர்பெனிரமின் போன்ற மயக்கும் மாத்திரைகள் இந்த வயதில் தடுமாற்றத்தையும் மனக்குழப்பத்தையும் சிறுநீர்த் தேக்கத்தையும் உண்டாக்கக் கூடியவை. இரவில் கழிப்பறைக்கு எழுந்த முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எங்கள் பிரிவுக்கு வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் அது வேறு. கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். இரவில் அரித்தால் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிடங்கள் வைத்து, எடுத்ததும் மேலே மீண்டும் கிரீம் பூசுங்கள். நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

தேயிலைச் சரிவு · ஜனவரி 21, பிற்பகல் 3.30

யூரியா சேர்ந்த கிரீம் சிறந்தது என்று ஒரு தோழி சொன்னதால் 10 விழுக்காடு உள்ளதை வாங்கினேன். முன்கையில் பூசியபோது ஒன்றும் தெரியவில்லை, தோல் மிருதுவானது. முன்காலின் வெடிப்புகளில் பட்டதும் எரிகிறது என்று அம்மா துடித்துவிட்டார், உடனே கழுவினோம். வெடிப்பு மூடும்வரை காலுக்குப் பெட்ரோலியம் ஜெல்லி மட்டுமே, செதில் நீங்காமல் தடித்திருக்கும் குதிகாலுக்கு யூரியா என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

எழுத மறந்த இன்னொன்று, தரை. ஜெல்லி பூசிய பாதத்தோடு குளியலறை ஓட்டில் கால் வைத்தால் வழுக்கும். பாதத்துக்குக் கட்டிலில் உட்கார்ந்த பிறகே பூசி, உடனே பருத்திக் காலுறை போட்டுவிடுகிறேன். காலுறையோடு நடக்க விடுவதில்லை. அதன் மேல் ரப்பர் செருப்பு.

முன்னாள் செவிலி · ஜனவரி 21, மாலை 6.10

வழுக்கலோடு தீயையும் சேர்த்து எண்ணுங்கள். பெட்ரோலியம் ஜெல்லியில் உள்ள பாரஃபின் ஊறிய துணி, புடவைத் தலைப்பு, போர்வை ஆகியவை தீப்பொறி பட்டால் சாதாரணத் துணியைவிட மிக விரைவாகப் பற்றிக்கொள்ளும். துவைத்தாலும் அது முழுமையாகப் போவதில்லை. அம்மா விளக்கேற்றுகிறவர், நீலகிரியில் கணப்பு மூட்டும் வழக்கமும் உண்டு. காலில் சுற்றிய துணியோடு கணப்பின் அருகில் உட்கார விடாதீர்கள். கரிக் கணப்பை மூடிய அறைக்குள் வைப்பது தோலுக்கு மட்டுமன்றி உயிருக்கே ஆபத்து என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

தேயிலைச் சரிவு · ஜனவரி 22, காலை 7.10

காலை நேரத்திலேயே விளக்குத் திரியைத் திருத்தி வைத்துவிட்டு, மாலையில் கால் பூச்சை விளக்கேற்றிய பிறகுக்கு மாற்றிவிட்டோம். ஹீட்டரை அம்மா படுக்கப் போவதற்கு முன் சிறிது நேரம் போட்டு அணைத்துவிடுகிறேன். இரவு முழுவதும் ஓடியபோது ஈரப்பதமானி காலையில் 35 காட்டியது, இப்போது 45-க்கு மேல் நிற்கிறது.

தேயிலைச் சரிவு · ஜனவரி 29, இரவு 9.50

கால்களில் மாவுபோன்ற வெளுப்பு மறைந்துவிட்டது. வெடிப்புக் கோடுகள் மூடிக்கொண்டன. இளஞ்சிவப்பு ஓரங்கள் பழுப்பாகி மங்கியிருக்கின்றன. இரவில் அம்மா உறங்குகிறார். முதுகில் இடது தோள்பட்டை எலும்புக்கு உட்புறமாக உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் அரிப்பு அப்படியே இருக்கிறது. அங்கே வெளுப்பு இல்லை, செதில் இல்லை, கிரீம் பூசியும் பூசாமலும் வேறுபாடு தெரியவில்லை. கதவு நிலையில் முதுகைத் தேய்த்து அந்த இடம் கறுத்துப்போயிருக்கிறது.

முன்னாள் செவிலி · ஜனவரி 30, காலை 6.40

மற்ற இடங்கள் ஆறியும் ஓரிடம் மட்டும் ஆறவில்லை என்றால் அதற்குக் காரணம் தோலில் இல்லாமல் நரம்பில் இருக்கலாம். முதுகெலும்பிலிருந்து வரும் நரம்பு அழுத்தப்படும்போது சரியாக அந்த இடத்தில், பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், அரிப்பு வருவதுண்டு. மருத்துவர் பார்த்தே சொல்ல வேண்டும். போகும்போது அம்லோடிபினைப் பற்றியும் கேளுங்கள். முதியவர்களுக்கு அந்த வகை மாத்திரைகளால் அரிப்பும் படையும் வருவதுண்டு, தொடங்கிப் பல மாதங்கள் கழித்தும் வரலாம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உடம்பு முழுவதும் அரிப்பு என்று போகிற முதியவருக்கு இரத்த அணுக்கள், இரும்புச் சத்து, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கம். கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தேயிலைச் சரிவு · பிப்ரவரி 6, மாலை 5.20

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, சர்க்கரை நான்கும் சரியாக இருக்கின்றன. இரும்புச் சத்து மட்டும் குறைவு. அந்தக் குறைவே அரிப்பைத் தரக் கூடும் என்றும், இந்த வயதில் இரும்பு ஏன் குறைந்தது என்று பார்க்காமல் மாத்திரை மட்டும் கொடுப்பது சரியில்லை என்றும் சொல்லி, மலத்தில் இரத்தம் கலக்கிறதா என்று பரிசோதிக்க எழுதிக் கொடுத்திருக்கிறார். கால் ஆறிவிட்டது என்று போகாமல் இருந்திருந்தால் இது தெரிந்திருக்காது. அம்லோடிபினை இப்போது மாற்ற வேண்டாம், குளியல் முறையிலேயே கால் ஆறியிருப்பதால் காரணம் அது என்று தோன்றவில்லை, ஈரக்காற்று திரும்பிய பிறகும் அரித்தால் யோசிக்கலாம் என்றார். முதுகின் அந்த ஒரு திட்டை நரம்பு அரிப்பு என்றே அவரும் கருதுகிறார். மென்தால் கலந்த கிரீம் தந்திருக்கிறார். சிறிது இதம் இருக்கிறது, தீரவில்லை.

செக்கடி · பிப்ரவரி 7, காலை 9.30

அண்ணனுக்குத் தேங்காய் எண்ணெயை ஈரத்தில் பூசியதில் கால் ஆறியிருக்கிறது. கிரீம் வாங்காமலே ஆறியது என்பதைப் பதிவு செய்கிறேன்.

முன்னாள் செவிலி · பிப்ரவரி 7, பகல் 1.15

மகிழ்ச்சி, ஐயா. வெந்நீர்ச் சூட்டையும் அவர் குறைத்தாரா என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.

செக்கடி · பிப்ரவரி 7, இரவு 8.40

கேட்டேன். குறைத்திருக்கிறார், சோப்பையும் விட்டிருக்கிறார்.

தேயிலைச் சரிவு · பிப்ரவரி 8, இரவு 9.05

பகலில் வெயில் ஏறத் தொடங்கியதும் இனி கிரீம் எதற்கு என்று அம்மா கேட்கிறார். மார்ச் முழுவதும் இங்கே காற்று உலர்ந்தே இருக்கும். ஆகவே இரவுப் பூச்சைத் தொடர்ந்துகொண்டு, காலைப் பூச்சை மட்டும் ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கப் போகிறேன். முன்காலில் மீண்டும் வெளுப்பு தெரிந்தால் அன்றே காலைப் பூச்சும் திரும்ப வரும். மலப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுகிறேன்.